கொழும்பு ஏஜென்சியா, ஆன்லைன் தளமா, சொந்த ஐயாட்டாவா? மட்டக்களப்பில் சிறிய டிக்கெட் கடை போடுவோருக்கு ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று பக்கமிருந்து ஒரே மாதிரிக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சின்னதா ஒரு டிக்கெட் புக்கிங் கடை போடப் போறேன். எங்கட சனத்தில வீட்டுக்கு ஒருத்தர் கட்டார், சவூதி, டுபாய் என்று இருக்கிறாங்க. டிக்கெட்டை எங்க இருந்து எடுத்து விற்கிறது?" கேட்பவர்களில் பெரும்பாலானோர் விமான நிலையத்திலோ வேறொரு ஏஜென்சியிலோ கொஞ்சக் காலம் வேலை செய்தவர்கள். கணினி தெரியும், சனத்தையும் தெரியும். முடிவு எடுக்க முடியாமல் நிற்பது டிக்கெட் வரும் வழியில்தான்.

வழிகள் மூன்று. ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அங்கீகாரம் உள்ள ஒரு கொழும்பு ஏஜென்சிக்குச் சப் ஏஜென்டாக இருப்பது முதலாவது. முன்பணம் ஏற்றி நாமே டிக்கெட் எடுக்கும் ஆன்லைன் ஏஜென்ட் தளம் இரண்டாவது. நாமே ஐயாட்டா அங்கீகாரம் எடுப்பது மூன்றாவது. எந்த வழியில் போனாலும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்ளூராட்சி சபையின் வியாபார அனுமதி, விமான டிக்கெட் விற்பதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி ஆகியவற்றை முதலில் விசாரித்து முடிக்க வேண்டும். அவை மூன்று வழிக்கும் பொது என்பதால் இந்த ஒப்பீட்டில் அவற்றைச் சேர்க்கவில்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

பலரும் முதலில் கேட்பது "ஒரு டிக்கெட்டுக்கு எவ்வளவு நிற்கும்?" என்றுதான். அது முக்கியம்தான், ஆனால் முதல் அளவுகோல் அது அல்ல. இன்று பல விமான நிறுவனங்கள் ஏஜென்டுக்குக் கமிஷன் என்று தருவது மிகக் குறைவு, அல்லது ஒன்றுமே இல்லை. நம்முடைய வருமானம் நாம் மேலே வைக்கும் சேவைக் கட்டணம். அதையும் ஓர் அளவுக்கு மேல் வைக்க முடியாது, ஏனென்றால் தோஹாவில் இருக்கும் மகன் தன் போனில் அதே விலையைப் பார்த்துவிடுவான்.

கணக்குக்காக எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 40 டிக்கெட், ஒன்றுக்கு 4,000 ரூபா என்றால் 160,000 ரூபா. கடை வாடகை, மின்சாரம், இணையம், ஓர் உதவியாளரின் சம்பளம் எல்லாம் 80,000 என்று வைத்தால் கையில் மிஞ்சுவது 80,000. ஒரு குடும்பத்தின் டிக்கெட்டில் ஒரே ஒரு பிழை விட்டால் அந்த மாத உழைப்பு முழுவதும் போகும். அதனால் விலையை விட, பிழை நடந்தால் எவ்வளவு சீக்கிரம் திருத்த முடியும் என்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய கேள்வி.

என் அளவுகோல்கள் நான்கு.

முதலாவது, இரவில் யார் வேலை செய்வார்கள் என்பது. நம் வாடிக்கையாளரிடம் ஒரு தனித்தன்மை இருக்கிறது. கடைக்கு வருபவர் அம்மா அல்லது மனைவி. காசு கொடுத்து முடிவு சொல்பவர் வெளிநாட்டில் இருக்கிறார். கட்டாரும் சவூதியும் குவைத்தும் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். டுபாய் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அவர் வேலை முடித்து, அறைக்கு வந்து, குளித்து, மாலை ஆறு மணிக்குப் போன் எடுத்தால் நமக்கு இரவு எட்டரை. "சரி, போடுங்க" என்ற சொல் வருவது அப்போதுதான்.

இரண்டாவது, முடங்கும் காசு எவ்வளவு, அது எங்கே முடங்குகிறது. மூன்றாவது, ரீஃபண்டும் திகதி மாற்றமும் எவ்வழியாக வருகின்றன. நான்காவது, விமான நிறுவனத்தின் செய்தி யாருடைய போனுக்குப் போகிறது. இந்த நான்காவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் கிழக்கில் இருப்பவர்களுக்கு அது மற்றவர்களை விட இரட்டிப்பு முக்கியம். கொழும்பில் இருப்பவர் விமானம் நான்கு மணித்தியாலம் முன்னுக்கு வந்துவிட்டது என்று காலையில் அறிந்தாலும் ஓடிப் போய்ச் சேரலாம். களுவாஞ்சிக்குடியில் இருந்து கட்டுநாயக்கவுக்குப் போகிறவர் முதல்நாள் இரவு பஸ்ஸிலோ வேனிலோ ஏறிவிட்டிருப்பார், அல்லது இனித்தான் ஏற வேண்டும். ஏறும் முன் செய்தி தெரியாவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

## முதல் வழி: கொழும்பு ஏஜென்சிக்குச் சப் ஏஜென்ட்

இதில் நீங்கள் பயணியின் விபரத்தையும் கடவுச்சீட்டுப் படத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்புவீர்கள். அவர்கள் விலை சொல்வார்கள், இருக்கை பிடிப்பார்கள், காசு போட்டதும் டிக்கெட் அடிப்பார்கள். சில ஏஜென்சி ஒரு வைப்புப் பணம் கேட்கும், சில டிக்கெட்டுக்கு டிக்கெட் காசு கேட்கும்.

நல்ல பக்கம் தெளிவானது. முதல் மிகக் குறைவு. விமானக் கட்டண விதிகளைப் படித்துச் சொல்ல அனுபவமுள்ள ஒருவர் அந்தப் பக்கம் இருக்கிறார். பெரிய ஏஜென்சிகளுக்கு விமான நிறுவனங்கள் தரும் தனி விலை சில வேளை உங்களுக்கும் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது ஒரு படிப்பு.

மறைந்திருக்கும் செலவு மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று நேரம். கொழும்பு அலுவலகம் மாலையில் மூடும், சனிக்கிழமை அரை நாள், போயாவுக்கு மூடல். உங்கள் வாடிக்கையாளரின் "சரி" இரவு எட்டரைக்கு வருகிறது. காலையில் அலுவலகம் திறக்கும்போது, பிடித்து வைத்த இருக்கை காலக்கெடு முடிந்து தானாக விழுந்திருக்கலாம், விலையும் ஏறியிருக்கலாம். அந்த வித்தியாசத்தை மகனிடம் மறுபடி கேட்க முடியாமல் தம் கையிலிருந்து போடும் சப் ஏஜென்டுகள் உண்டு.

இரண்டாவது, டிக்கெட்டை ரத்துச் செய்யும் சலுகை நேரம். அடித்த டிக்கெட்டை அதே நாளில் 'வொய்ட்' செய்தால் விமான நிறுவனத்தின் தண்டம் இல்லாமல் முழுத்தொகையும் மிஞ்சும். நாள் மாறிவிட்டால் அது ரீஃபண்ட் ஆகிவிடும், தண்டம் கழியும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு அடித்த டிக்கெட்டில் பிழை இருப்பதை இரவு ஒன்பது மணிக்கு மகன் கண்டால், கொழும்பில் யாராவது நள்ளிரவுக்கு முன் கணினி முன்னால் உட்கார வேண்டும். அப்படி ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதில்தான் உங்கள் மாத இலாபம் தங்கியிருக்கிறது.

மூன்றாவது, போன் நம்பர். கொழும்பில் புக்கிங் போடுபவர் பழக்கத்தில் தன் அலுவலக நம்பரையே தொடர்புக்குப் போடுவார். அதற்கு ஒரு காரணமும் இருக்கும், வாடிக்கையாளர் நேரடியாக அவரிடம் போய்விடக்கூடும் என்ற உங்கள் பயத்தைப் போலவே அவருக்கும் நீங்கள் வேறு ஏஜென்சிக்குப் போய்விடுவீர்கள் என்ற பயம் உண்டு. ஆனால் விளைவு என்ன? விமான நேரம் மாறினால் குறுஞ்செய்தி கொழும்புக்குப் போகிறது. அங்கே ஒரு நாளைக்கு அப்படிப் பல வரும். உங்களுக்குத் தெரிவிக்க யாருக்கும் நினைவு வராது. புக்கிங்கில் பயணியின் கைத்தொலைபேசிக்கென்று தனியான இடம் உண்டு, திரையில் CTCM என்று வரும் வரி அது. அதில் பயணியின் உள்ளூர் நம்பரும், முடிந்தால் உங்கள் நம்பரும் இருக்க வேண்டும் என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். இதற்கு மறுக்கும் ஏஜென்சியுடன் வேலை செய்ய வேண்டாம்.

## இரண்டாவது வழி: முன்பண ஆன்லைன் தளம்

ஏஜென்டுகளுக்கான இணையதளத்தில் ஒரு கணக்கு, அதில் முன்பணம். நீங்களே தேடி, நீங்களே டிக்கெட் எடுக்கலாம். இரவு பதினொரு மணிக்கும் எடுக்கலாம், போயா நாளிலும் எடுக்கலாம். குறைந்த கட்டண விமான நிறுவனங்கள் சில தங்களுக்கென்றே ஏஜென்ட் தளம் வைத்திருக்கின்றன. ஷார்ஜா, டுபாய் பக்கம் போகும் சனத்துக்கு அவை அதிகம் தேவைப்படும்.

முதல் அளவுகோலில் இந்த வழிக்கு முழுப் புள்ளி. ஆனால் சுதந்திரத்துடன் பொறுப்பும் உங்கள் தலைக்கு வருகிறது. பெயரைத் தட்டச்சுச் செய்பவர் நீங்கள், பிழை விட்டால் தாங்குபவரும் நீங்கள். நம் கடவுச்சீட்டுகளில் தகப்பன் பெயர் குடும்பப் பெயர் இடத்திலும், ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு மற்ற இடம் வெறுமையாகவும் இருக்கும். விசாவில் ஒரு வகை, கடவுச்சீட்டில் ஒரு வகை எழுதப்பட்டிருப்பதும் உண்டு. கடவுச்சீட்டின் கீழே இரண்டு வரியில் வரும் இயந்திர எழுத்தைப் பார்த்தே பெயரை அடியுங்கள். வாய்ச் சொல்லை நம்பி அடிக்காதீர்கள்.

காசு விடயத்தில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். கையிருப்பு நூலிழையில் நிற்கக் கூடாது. வங்கியில் இருந்து வங்கிக்குக் காசு உடனே போய்விடும். ஆனால் தளத்தில் அதை உங்கள் கணக்கில் ஏற்றுபவர் ஒரு மனிதர், அவர் காலை ஒன்பதுக்குத்தான் வருவார். ஆகவே வெள்ளிக்கிழமை மாலைக்கு முன் இரவு வேலைக்கும் வார விடுமுறைக்கும் தேவையானதை ஏற்றி வைக்க வேண்டும். ஒரு குடும்பம் 350,000 ரூபா டிக்கெட் எடுக்க வந்தால் உங்கள் 300,000 ரூபா கையிருப்பு எதற்கும் உதவாது.

அடுத்து, ரீஃபண்ட் காசாக வராது. தளத்தில் உள்ள உங்கள் கையிருப்பில் வரவாகத்தான் ஏறும். வாடிக்கையாளருக்கோ கையில் காசு வேண்டும். அதை உங்கள் பையில் இருந்து கொடுத்துவிட்டு, தளத்தில் ஏறிய வரவை அடுத்த டிக்கெட்டில் கழித்துக்கொள்ள வேண்டும். விமான நிறுவனத்திடமிருந்து வர வாரங்கள் ஆகும் என்பதால் அதற்கு முன்னரே கொடுத்தால் உங்கள் முதல் முடங்கும்.

மூன்றாவது, தளம் எங்கே பதிவானது என்று பாருங்கள். ரூபாவில் பில் தரும், கொழும்பில் அலுவலகமுள்ள கம்பனியை மட்டும் எடுங்கள். டொலரில் காசு கேட்கும் வெளிநாட்டுத் தளத்துக்கு இலங்கையிலிருந்து காசு அனுப்புவது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குள் வரும் விடயம். வெளிநாட்டில் இருக்கும் மச்சானின் கார்டைப் போட்டுச் சமாளிப்போம் என்று தொடங்காதீர்கள். கார்டுக்காரர் பயணி அல்ல என்றால், சில நிறுவனங்கள் செக்-இன் கவுண்டரில் கார்டைக் கேட்கும். மாதம் கழித்துக் கார்டுக்காரர் வங்கியில் "இது நான் போடவில்லை" என்று சொன்னால் காசு திரும்பிப் போகும், நஷ்டம் உங்கள் பக்கம் வரும்.

தளம் சரியானதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. டிக்கெட் எடுத்ததும் வெறும் ஆறு எழுத்துப் பீஎன்ஆர் போதாது. அது இருக்கை பிடித்ததற்கான அடையாளம் மட்டுமே. முழுச்சேவை விமான நிறுவனங்களில் 13 இலக்க டிக்கெட் எண் வர வேண்டும், முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைக் காட்டும். ஸ்ரீலங்கன் என்றால் 603, கட்டார் ஏர்வேஸ் என்றால் 157, எமிரேட்ஸ் என்றால் 176. அந்த எண் வந்த பிறகு விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பீஎன்ஆரையும் பெயரையும் போட்டுப் பாருங்கள். குறைந்த கட்டண நிறுவனங்கள் சிலவற்றில் இந்த எண் முறை வேறு, அங்கே அவர்களுடைய தளத்தில் புக்கிங் உறுதியாகித் தெரிகிறதா என்பதே சோதனை. வாடிக்கையாளர் கடையை விட்டுப் போகும் முன் இதைச் செய்து காட்டினால் வெளிநாட்டில் இருப்பவருக்கும் நம்பிக்கை வரும்.

## மூன்றாவது வழி: சொந்த ஐயாட்டா

பலருக்கும் கனவு இதுதான். கதவில் அந்தச் சின்னத்தை ஒட்ட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஐயாட்டா அங்கீகாரம் இருந்தால் பெரும்பாலான முழுச்சேவை விமானங்களின் டிக்கெட்டை நேரடியாக உங்கள் பெயரில் அடிக்கலாம். வொய்ட், திகதி மாற்றம், ரீஃபண்ட் விண்ணப்பம் எல்லாம் உங்கள் கையில். விமான நிறுவனங்களின் விற்பனைப் பிரிவு உங்களிடம் பேசும்.

ஆனால் அதற்கு அனுமதிப்பத்திரம், நிதிக் கணக்கறிக்கை, தகுதியான ஊழியர், பாதுகாப்புக்கான வங்கி உத்தரவாதம் என்று கேட்பார்கள். 2018 முதல் ஐயாட்டா கொண்டுவந்த புதிய முறையில் கோலைட் என்ற வகை இருக்கிறது. அதில் கடனுக்கு டிக்கெட் அடிக்கும் வசதி கிடையாது, முன்பணம் ஏற்றிய ஈஸிபே கணக்கில் இருந்தோ பயணியின் கார்டிலோதான் அடிக்கலாம். பாதுகாப்புத் தொகைச் சுமை குறைவு. வழக்கமான முறையில் கோஸ்டாண்டர்ட் எடுத்தால், விற்ற காசைக் குறித்த நாளில் கட்டும் வசதி வரும். அதற்கேற்ற உத்தரவாதமும் வேண்டும்.

நம் பக்கம் இந்த உத்தரவாதத்தில்தான் சிக்கல். வங்கி அதற்கு நிலையான வைப்போ காணி ஈடோ கேட்கும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கணிசமான குடும்பங்களிடம் இருப்பது பேமிட் காணி. உறுதிக் காணியைப் போல அதை இலகுவாக ஈடு வைக்க முடியாது. அப்போது மிச்சம் இருப்பது வைப்புப் பணம். கடையில் சுழல வேண்டிய காசு வங்கியில் பூட்டப்படும்.

இன்னொரு ஆபத்தும் சொல்ல வேண்டும். விற்ற காசைக் கட்டும் நாளுக்கு முன் சில நாள் அந்தக் காசு உங்கள் வங்கிக் கணக்கில் கிடக்கும். அது உங்கள் காசு அல்ல. இதை வைத்துக் கடை அலங்காரம், கடனுக்கு டிக்கெட், வேறு வியாபாரம் என்று தொடங்கிச் சரிந்தவர்கள் இத்தொழிலில் உண்டு. ஒரு தவணை தவறினால் டிக்கெட் அடிக்கும் வசதி நின்றுவிடும். அப்புறம் கட்டண விதியில் விட்ட பிழைக்கு காசு கட்டச் சொல்லி விமான நிறுவனம் அனுப்பும் ADM என்கிற பற்றுக் குறிப்பு, பயணம் முடிந்து மாதங்கள் கழித்துக்கூட வரும். அந்த வாடிக்கையாளரிடம் அப்போது காசு கேட்க முடியாது.

புக்கிங் செய்யும் கணினி முறைக்கும், அமடியஸ், சேபர், கலிலியோ எதுவானாலும், ஒப்பந்தம் வேண்டும். புக்கிங் எண்ணிக்கை குறைந்தால் கட்டணம் வரக்கூடிய ஒப்பந்தங்கள் உண்டு என்பதால் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியை வாசியுங்கள்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | சப் ஏஜென்ட் | ஆன்லைன் தளம் | சொந்த ஐயாட்டா |
|---|---|---|---|
| இரவு எட்டரைக்குப் பிறகு | கொழும்பில் ஆள் இருந்தால் மட்டும் | எப்போதும், கையிருப்பு இருந்தால் | எப்போதும் |
| முடங்கும் காசு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| வொய்ட், திகதி மாற்றம் | மற்றவர் கையில் | பெரும்பாலும் நம் கையில், சிலவற்றுக்குத் தளத்தின் ஊழியர் வேண்டும் | நம் கையில் |
| ரீஃபண்ட் | வரவுச் சீட்டாக, தாமதமாக | தளக் கையிருப்பில் ஏறும் | நேரடி விண்ணப்பம், ஆனாலும் வாரங்கள் |
| பிழையின் பொறுப்பு | பகிர்ந்து | முழுவதும் நம்முடையது | முழுவதும், மாதங்கள் கழித்தும் |
| நேர மாற்றச் செய்தி | கேட்டு வாங்க வேண்டும் | நாம் போட்ட நம்பருக்கு | நாம் போட்ட நம்பருக்கு |

## ஒரு குடும்பத்தின் டிக்கெட்டை வைத்துப் பார்ப்போம்

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஓர் அக்கா வருகிறார். கணவர் தோஹாவில். பாடசாலை விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளுடன் விசிட் விசாவில் போய், ஒரு மாதத்தில் திரும்ப வேண்டும். மூத்த பிள்ளைக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு வயது ஆக மூன்று வாரம் இருக்கிறது. கணக்குக்காகப் பெரியவர் கட்டணம் 140,000, சிறுவருக்கு 105,000, கைக்குழந்தைக்கு 14,000 என்று எடுப்போம். சிறுவர் கட்டணம் பெரியவரின் முக்கால் பங்கு, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான வழக்கம்.

அவசரத்தில் கணக்குப் பார்ப்பவர் 140,000, 105,000, 14,000 என்று கூட்டி 259,000 ரூபா சொல்லிவிடுவார். ஆனால் திரும்பும் நாளில் சின்னவனுக்கு இரண்டு வயது முடிந்துவிடும், அவனுக்குத் தனி இருக்கை வேண்டும். சில நிறுவனங்கள் போகும் பயணத்துக்குக் குழந்தைக் கட்டணமும் வரும் பயணத்துக்குச் சிறுவர் கட்டணமும் பிரித்துப் போட விடும், சில இரண்டுக்குமே சிறுவர் கட்டணம் கேட்கும். பின்னதை எடுத்தால் மொத்தம் 350,000. வித்தியாசம் 91,000. இதைக் கடையில் கண்டால் விலை விடயம். தோஹா விமான நிலையக் கவுண்டரில் கண்டால், திரும்பும் நாளின் விலையில் ஒரு டிக்கெட் எடுக்க வேண்டும், அதுவும் இருக்கை இருந்தால்.

சப் ஏஜென்டாக இருந்தால் பிறந்த திகதி கொழும்புக்குப் போகும், அனுபவமுள்ளவர் பெரும்பாலும் கண்டுபிடிப்பார். தளத்தில் அடிப்பவருக்கு அந்த இரண்டாவது கண் இல்லை. தளம் பல சமயம் பயணத் தொடக்க நாளின் வயதையே பார்க்கும். ஆகவே தளத்தில் வேலை செய்பவர் இரண்டு வயதுக்குக் கிட்டிய பிள்ளையையும் 12 வயதுக்குக் கிட்டிய பிள்ளையையும் தனியாகக் கணக்குப் பார்க்கும் பழக்கம் வைக்க வேண்டும்.

அடுத்து, இரவு. மாலை நாலரைக்கு அக்கா விலை கேட்டுப் போகிறார். எட்டு நாற்பதுக்குக் கணவர் "போடுங்க தம்பி" என்கிறார். தளத்தில் கையிருப்பு இருந்தால் ஒன்பது மணிக்குள் டிக்கெட் அடிக்கலாம். பத்தரைக்கு அவர் மறுபடி எடுத்து, "கம்பனி எனக்கு லீவு மாற்றிப்போட்டாங்க, ஒரு கிழமை தள்ளுங்க" என்றால், நள்ளிரவுக்கு முன் வொய்ட் செய்து புது நாளில் அடிக்கலாம். தளம் ஒரு சிறு கட்டணம் எடுக்கலாம், அவ்வளவுதான். அதே நேரம் கொழும்பு வழியில், மாலை அடித்த டிக்கெட்டாக இருந்தால் மறுநாள் காலையில் அது திகதி மாற்றம். மூன்று பேருக்கும் தண்டமும் விலை வித்தியாசமும் சேர்ந்து எளிதில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும்.

கடைசியாக, ரத்து. இரண்டு வாரம் கழித்து விசா வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 350,000இல் தண்டமாக 60,000 கழிந்து 290,000 திரும்ப வேண்டும். எந்த வழியிலும் அது நாளைக்கு வராது. அக்காவோ நாளைக்கே கேட்பார், ஏனென்றால் அது கணவரின் பல மாத உழைப்பு. இந்த இடத்தில் மூன்று வழிக்கும் ஒரே விதி. காசு வாங்கும்போதே, ரத்துச் செய்தால் எவ்வளவு கழியும், எத்தனை வாரம் ஆகலாம் என்று பற்றுச்சீட்டின் பின்னால் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதன் படத்தை வெளிநாட்டில் இருப்பவருக்கும் அனுப்புங்கள். முடிவு சொன்னவர் அவர்தானே.

## எனது தெரிவு, எந்த நிலையில் எது

பெரும்பாலானோருக்கு முதல் வருடம் இரண்டையும் சேர்த்து வைக்கச் சொல்வேன். ஒரு கொழும்பு ஏஜென்சி, அதனுடன் 500,000 ரூபா அளவு கையிருப்புள்ள ஒரு தளக் கணக்கு. சிக்கலான பயணம், குழந்தை உள்ள குடும்பம், ஊருக்கு லீவில் வந்து நாள் நீட்டிப்பவர், இவையெல்லாம் பகலில் கொழும்பு வழி போகட்டும். நேரான, ஒரே ஆளின், இரவில் உறுதியாகும் டிக்கெட் தளத்தில் போகட்டும்.

லீவில் வந்தவரை ஏன் கொழும்புப் பக்கம் தள்ளுகிறேன் என்றால், அவருடைய டிக்கெட் தோஹாவிலோ ரியாதிலோ தொடங்கியது. அதன் திரும்பும் பகுதியை மாற்ற, அந்த டிக்கெட்டின் கட்டண விதியைப் பார்க்க வேண்டும். சவூதியில் இருந்து வந்தவர் என்றால் அவருடைய மீள்நுழைவு விசாவின் கடைசி நாளையும் பார்க்க வேண்டும். அம்மா சுகமில்லை என்று பத்து நாள் தள்ளிப் போட்டு, விசா முடிந்த பிறகு திகதி போட்டால் வேலையே போகக்கூடும். அத்துடன் இங்கிருந்து திரும்புபவரின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு காலாவதியாகவில்லையா என்றும் கேளுங்கள், கட்டுநாயக்கவில் அதைப் பார்ப்பார்கள்.

தளம் மட்டும் போதும் என்பவரும் உண்டு. டுபாய், ஷார்ஜா பக்கம் போகும் சனம் அதிகமுள்ள இடத்தில், இரவு பத்து வரை கடை திறந்து, தானே கணினியில் உட்காருபவருக்கு அது நல்லது. பெயர், வயது, விசாத் திகதி மூன்றையும் பொறுமையாகப் பார்ப்பவராக இருந்தால் கொழும்பு தேவையில்லை. ஆனால் கடையை உதவியாளரிடம் விட்டுப் போகும் எண்ணம் இருந்தால் தளத்தை மட்டும் நம்பாதீர்கள்.

சொந்த ஐயாட்டாவை, மாத விற்பனை இரண்டு வருடம் நிலையாக நின்று, உத்தரவாதத்துக்கான காசு கடையில் சுழலும் காசிலிருந்து தனியாக இருக்கும்போது மட்டும் யோசியுங்கள். அப்போதும் கோலைட்டில் தொடங்கலாம். கடனுக்கு அடிக்கும் வசதி இல்லாதது நம்மைப் போன்ற கடைக்கு ஒரு பாதுகாப்பு.

எந்த வழியானாலும் ஒரு கோட்டைத் தாண்டக் கூடாது. டிக்கெட் வாங்க வருபவரே "தம்பிக்கு அங்க ஒரு வேலை பார்த்துத் தாங்க, காசு தாறம்" என்று கேட்பார். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்ப்பது குற்றம். விசிட் விசாவில் வேலைக்கு அனுப்புவதில் டிக்கெட் போட்டவரின் பெயரும் இழுபடும். அப்படிக் கேட்பவரைப் பணியகத்தின் அனுமதி பெற்ற முகவரிடம் அனுப்புங்கள்.

கொழும்பு ஏஜென்சியுடன் காசு வைக்கும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: இரவில் வொய்ட் செய்ய யாரை எந்த நம்பரில் கூப்பிடுவது, புக்கிங்கில் யாருடைய போன் நம்பர் போகும், ரீஃபண்ட் வந்தால் எத்தனை நாளில் எங்கள் கணக்கில் ஏறும், வைப்புப் பணத்தை நாங்கள் எடுக்க நினைத்தால் எத்தனை நாள் அறிவித்தல் வேண்டும். பதில் வந்த பிறகு ஒரு போயா நாள் இரவு ஒன்பது மணிக்கு அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்கிறார்களா என்று பார்த்து வைப்புப் பணத்தைக் கொடுங்கள்.